மொத்தப் பணம் எந்தப் பக்கம் நிற்கிறது?

கேள்வி: கணக்கில் ‘இன்று’ என்று வந்தால் பிவி, ‘பத்து ஆண்டு கழித்து’ என்று வந்தால் எஃப்வி என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வங்கிக் கடன் கணக்கு அதைக் கவிழ்த்துவிட்டது. தவணைகள் எல்லாம் இனிமேல்தானே கட்டப் போகிறோம், பிறகு ஏன் எஃப்வி தப்பு? (பி.காம். மாணவி, திருச்சி)

பதில்: தவணைகள் இனிமேல்தான் வரும் என்பது உண்மை. ஆனால் எஃப்வி ஃபார்முலாவில் கட்டும் தவணைகளும் இனிமேல்தான் வரும். சேமிப்பானாலும் கடனானாலும் பணம் கட்டுவது நாளையும் நாளை மறுநாளும்தான். அதனால் ‘எதிர்காலம்’ என்ற சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது வேறொன்று. இந்த வகைக் கணக்கில் சமமான தவணைகள் ஒரு வரிசையாக இருக்கும், தனியாக ஒரு மொத்தத் தொகையும் இருக்கும். அந்த மொத்தம் வரிசைக்கு முன்னால் நின்றால் பிவி, பின்னால் நின்றால் எஃப்வி. பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்பதுகூட இரண்டாம் பட்சம். உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். 10,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 10 சதவீதம், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒன்றாகப் பத்துச் சம தவணை. வங்கி பத்து லட்சத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டது, தவணைகள் பின்னால் வருகின்றன. மொத்தம் முன்னால் நிற்பதால் இது பிவி. அட்டவணையில் 10 சதவீதம், 10 ஆண்டுக்கான பிவி காரணி 6.1446. பத்து லட்சத்தை அதால் வகுத்தால் தவணை 1,62,745 ரூபாய். இதே எண்களை வைத்து, ‘பத்தாம் ஆண்டு முடிவில் பத்து லட்சம் சேர ஆண்டுதோறும் எவ்வளவு போட வேண்டும்’ என்று கேட்டிருந்தால் மொத்தம் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அப்போது எஃப்வி காரணியான 15.9374-ஆல் வகுக்க வேண்டும், விடை 62,745. தொகை, வட்டி, ஆண்டு மூன்றும் இரண்டு கேள்வியிலும் ஒன்றேதான். மாறியது பத்து லட்சம் நிற்கும் இடம் மட்டும்.

கேள்வி: சரி, தப்பான ஃபார்முலாவைப் போட்டுவிட்டேன் என்று தேர்வு மண்டபத்திலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் அந்தத் தப்பு விடையும் உட்கார்ந்திருக்கிறதே! (சி.ஏ. ஃபவுண்டேஷன் மாணவர், மதுரை)

பதில்: உட்காரத்தான் செய்யும். வினாத்தாள் தயாரிப்பவர் முதலில் எழுதிவைக்கும் தப்பு விடையே அதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. கடனுக்குத் தவணை 62,745 என்று வந்தால், முதல் ஆண்டு வட்டியோடு அதை வைத்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு ஒரு வருஷ வட்டியே ஒரு லட்சம். 62,745 கட்டினால் வட்டியே முழுதாக அடையாது, ஆண்டு முடிவில் கடன் 10,37,255 ஆக ஏறி நிற்கும். அப்படிக் கட்டிக்கொண்டே போனால் கடன் தீரவே தீராது. வட்டியைக்கூடத் தாண்டாத தவணை கடன் தவணையாக இருக்க முடியாது. காரணியை வைத்தும் சோதிக்கலாம். பத்துத் தவணைக்கான பிவி காரணி எப்போதும் பத்துக்குக் கீழே இருக்கும், எஃப்வி காரணி பத்துக்கு மேலே இருக்கும். கடன் வாங்கியவர் வாங்கியதை விடக் கூடுதலாகக் கட்டுகிறார், சேமிப்பவர் இலக்கை விடக் குறைவாகவே போடுகிறார். உங்கள் விடையைப் பத்தால் பெருக்கி, மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1,62,745-க்கும் 62,745-க்கும் உள்ள வித்தியாசம் துல்லியமாக ஒரு லட்சம், அதாவது ஒரு வருஷ வட்டி. இது தற்செயல் இல்லை. முதல் தவணையில் ஒரு லட்சம் வட்டிக்குப் போக, அசலில் கழிவது 62,745. இரண்டாம் ஆண்டு மீதிக் கடன் 9,37,255, அதற்கு வட்டி 93,725. எனவே அந்தத் தவணையில் அசலுக்குப் போவது 69,020, முந்தைய ஆண்டை விடச் சரியாகப் பத்து சதவீதம் அதிகம். இப்படி ஆண்டுதோறும் பத்து சதவீதம் வளரும் அசல் கழிவுகளைக் கூட்டினால் பத்து லட்சம் வரும். ஆண்டுதோறும் 62,745 போட்டு, அது பத்து சதவீத வட்டியில் வளர்ந்து பத்து லட்சமாவதும் இதே கூட்டல்தான். கடன் தவணை என்பது ஒரு வருஷ வட்டியும், அசலை அடைப்பதற்கான சேமிப்பும் சேர்ந்தது. எஃப்வி போட்டவர் சேமிப்பை எழுதிவிட்டு வட்டியை விட்டுவிட்டார். தப்பின் அளவு இவ்வளவு தெளிவாகத் தெரியும் கணக்குகள் குறைவு. இதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு இரண்டு ஃபார்முலாவும் மறுபடி குழம்பாது.

கேள்வி: எஃப்வி என்பது பிவியை (1+r)ⁿ-ஆல் பெருக்கியதுதானே? இரண்டும் ஒன்றே என்றால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? சும்மா பயமுறுத்துகிறார்களா? (கணிதப் பட்டதாரி, கோவை)

பதில்: தனித் தொகை ஒன்று ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்கு நகர்கிறது என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒரு லட்சம் ஐந்து ஆண்டில் எவ்வளவாகும், ஐந்து ஆண்டு கழித்து ஒரு லட்சம் வேண்டுமானால் இன்று எவ்வளவு வேண்டும் என்ற இரண்டும் ஒரே சமன்பாடு. தெரியாத இடத்தில் x போட்டுத் தீர்த்தால் விடை வந்துவிடும், தேர்வுக்கு வேலையே இல்லை. தவணை வரிசையிலும் இதே உறவு உண்டு. 6.1446-ஐப் பத்து ஆண்டு வட்டியோடு வளர்த்தால் 15.9374 வரும். ஆகவே கடன் கணக்கை எஃப்வி காரணியால் போடுவதும் சரிதான், ஆனால் பத்து லட்சத்தையும் பத்தாம் ஆண்டுக்கு நகர்த்திய பிறகு. அது அங்கே 25,93,742 ஆக இருக்கும், 15.9374-ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 1,62,745. ஆக, தப்பு ஃபார்முலாவில் இல்லை. இன்றைய நாளில் நிற்கும் பத்து லட்சத்தையும் பத்தாம் ஆண்டில் நிற்கும் காரணியையும் ஒன்றோடொன்று வகுத்ததுதான் தப்பு. எக்ஸெல் இதை அப்படியே காட்டும். தவணைக்கு அதில் ஒரே ஃபங்ஷன்தான், மொத்தத்தை எந்த இடத்தில் தட்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்:

```
=PMT(10%,10,1000000)
=PMT(10%,10,0,1000000)
```

முதல் வரி 1,62,745-ஐயும், இரண்டாவது 62,745-ஐயும் கழித்தல் குறியோடு தரும். கையிலிருந்து வெளியே போகும் பணம் என்பதால் அந்தக் குறி. நீங்கள் சொன்ன ஒற்றுமை என் வாதத்தை உடைக்கவில்லை, அதற்கு அஸ்திவாரமே அதுதான். ஃபார்முலாக்கள் ஒன்றே என்பதால்தான் நாளைப் பார்ப்பது மட்டும் நம் வேலையாக மிஞ்சுகிறது.

கேள்வி: ஓய்வுக் காலக் கணக்கில் முன்னாலும் தவணை, பின்னாலும் தவணை. மொத்தம் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அப்போது உங்கள் விதி என்ன சொல்லும்? (எம்.காம். மாணவர், திருநெல்வேலி)

பதில்: இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்லும். ஒருவர் 25 ஆண்டு கழித்து ஓய்வு பெறுகிறார். அதன் பிறகு 20 ஆண்டுக்கு, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 3,00,000 ரூபாய் எடுக்க வேண்டும். வட்டி 8 சதவீதம். இப்போதிருந்து ஆண்டு முடிவில் எவ்வளவு போட வேண்டும் என்பது கேள்வி. ஓய்வு பெறும் நாளில் ஒரு மொத்தம் நிற்கிறது. எடுக்கும் வரிசைக்கு அது முன்னால் இருப்பதால் அங்கே அது பிவி. மூன்று லட்சத்தை 9.818147-ஆல் பெருக்கினால் 29,45,444 ரூபாய். அதே தொகை போடும் வரிசைக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்துக்கு எஃப்வி. 73.1059-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 40,290 ரூபாய். ஒரே பணத்துக்கு இங்கே இரண்டு பெயர். பிவி என்பது பணத்தின் குணம் இல்லை, எந்த வரிசையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பலர் ‘இன்று’ என்பதையே பிவியின் அடையாளமாக நினைத்து, 25 ஆண்டு தள்ளி இருக்கும் தொகையைப் பிவி என்று அழைக்கத் தயங்கி அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

இங்கே இன்னும் நுணுக்கமான வழுக்கல் ஒன்று உண்டு. அட்டவணையில் உள்ள பிவி காரணி, முதல் தவணைக்குச் சரியாக ஒரு காலகட்டம் முந்தைய நாளில் மதிப்பைக் கொண்டுபோய் வைக்கும். எஃப்வி காரணி, கடைசித் தவணை விழும் அதே நாளில் வைக்கும். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. முதல் மூன்று லட்சத்தை ஓய்வு பெறும் நாளிலேயே எடுக்க வேண்டும் என்று கேள்வி மாறினால், 29,45,444 ஓராண்டு முன்னால் போய் நின்றுவிடும். அதை 1.08-ஆல் பெருக்கி ஓய்வு நாளுக்குக் கொண்டுவந்தால் 31,81,080. ஃபார்முலாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: நூறு கேள்விக்கு இரண்டு மணி நேரம். கோடு போட்டு, நாள் குறித்துக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும். குறிச்சொல்லைப் பார்த்துப் போடுவதுதானே நடைமுறை? (சி.ஏ. ஃபவுண்டேஷன் மாணவி, சேலம்)

பதில்: ஒரு கேள்விக்கு 72 விநாடி, தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பு. நேரம் இறுக்கம்தான், மறுக்கவில்லை. தனித் தொகைக் கேள்விகளில் குறிச்சொல்லை நம்பியே போகலாம், அங்கே அது ஏமாற்றுவதில்லை. ‘கடன்’, ‘சிங்கிங் ஃபண்ட்’ போன்ற சொற்களும் பெரும்பாலும் சரியான பக்கம் காட்டும், ஏனென்றால் மொத்தம் எங்கே நிற்கிறது என்பதை அவை தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ‘இன்று’, ‘கழித்து’, ‘எதிர்காலத்தில்’ போன்றவைதான் ஆபத்து. ‘இயந்திரத்தை இன்றே வாங்கி ஐந்து ஆண்டில் அடைக்கலாம்’ என்ற வாக்கியத்தில் இரண்டு வகைச் சொல்லும் இருக்கிறது, எதை நம்புவீர்கள்? நான் கேட்பது அளவுகோல் வைத்துப் போட்ட கோடு இல்லை. ரஃப் தாளில் ஒரு சின்னக் கோடு, தவணைகளுக்கு நான்கு புள்ளி, மொத்தத்துக்கு ஒரு வட்டம். வட்டம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்துவிட்டுக் கால்குலேட்டரை எடுங்கள். நாலைந்து விநாடிக்கு மேல் ஆகாது. தப்பான காரணியால் வகுத்து, விடை கிடைத்துவிட்ட நிம்மதியில் அடுத்த கேள்விக்குப் போவது இதைவிடச் செலவு.

கேள்வி: என்றென்றும் தொடரும் உதவித்தொகைக்குப் புத்தகத்தில் பிவி மட்டும் இருக்கிறது. எஃப்வியைக் காணோம். அச்சுப்பிழையா? (பி.பி.ஏ. மாணவர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. அந்த வரிசைக்குக் கடைசித் தவணையே கிடையாது, ஆகவே மொத்தம் போய் நிற்க வலப்பக்கமும் கிடையாது. இடப்பக்கம் இருக்கிறது, அங்கே மதிப்பு தவணையை வட்டியால் வகுத்தது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், வட்டி 8 சதவீதம் என்றால் 6,25,000. முதல் உதவித்தொகை நான்காம் ஆண்டு முடிவில்தான் என்று கேட்டால், 6,25,000 நிற்பது அதற்கு ஓராண்டு முன்னால், அதாவது மூன்றாம் ஆண்டு முடிவில். அதை மூன்று ஆண்டு பின்னுக்கு இழுக்க வேண்டும், நான்கு இல்லை. 1.08³-ஆல் வகுத்தால் இன்று வேண்டிய நன்கொடை 4,96,145 ரூபாய்.