ஏறுமுகப் பதிவு

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையின் முகநூல் பதிவு ஒன்று சூடுபிடிக்கிறது என்று சீக்கிரமே எப்படித் தெரிந்துகொள்வது? லைக்கை எண்ணினால் போதாதா?

பதில்: போதாது. நேற்றைய பதிவுக்கு 400, ஒரு மணி நேரத்துக்கு முன் போட்ட பதிவுக்கு 60 என்று ஒப்பிடுவது, தாத்தாவையும் பேரனையும் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பது மாதிரி. கடைசி 21 பதிவுகள் முதல் ஒரு மணி நேரத்தில் வாங்கிய லைக்குகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரேயொரு பொங்கல் தள்ளுபடிப் பதிவு அதைத் தூக்கிவிடும். நடு எண் 12 என்றால், அந்த 60 என்பது ஐந்து மடங்கு. மூன்று மடங்கைத் தாண்டினாலே கைபேசியில் மணி அடிக்கட்டும்.

அடித்ததும் கமெண்ட்டுகளைப் படியுங்கள். பாராட்டென்றால் பக்கத்தின் உச்சியில் பின் செய்யலாம், காசு கட்டிப் பரப்பலாம். ‘சாயம் போகுது’ என்றிருந்தால் முதலில் பதில். என் உறவினர் ஒருவர் படிக்காமலே காசு கட்டி, தன் கடைப் புகாரை ஊருக்கே விளம்பரம் செய்தார்.