கடமைப்பட்டுள்ளேன்

ஓய்வுபெறும் வங்கி எழுத்தர் ஒருவர் விடைபெறும் உரையைத் திருத்தித் தரச் சொன்னார். முதல் வாக்கியம் இது: ‘1989ஆம் ஆண்டு பணியில் இணைந்து, பேரேடுகள் பராமரிக்கப்பட்ட காலம் தொட்டு இன்றுவரை தங்கள் அனைவராலும் நல்கப்பட்ட ஒத்துழைப்பிற்கு நன்றி தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்.’

வினைமுற்று வருவதற்குள் சமோசா ஆறிவிடும். தாளில் என்றால் கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. எச்சம் வந்த இடத்திலெல்லாம் வெட்டி முற்றுப்புள்ளி வைத்தேன். ‘பராமரிக்கப்பட்ட’, ‘நல்கப்பட்ட’ இரண்டையும் தூக்கினேன். யார் பராமரித்தார், யார் நல்கினார் என்று கேட்டதும் மனிதர் வாய் திறந்தார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

‘எண்பத்தொம்பதுல சேந்தேன். அப்பல்லாம் லெட்ஜர்தான். டேலி ஆகலேன்னா வீட்டுக்குப் போக முடியாது. ஒருநாள் ஒம்பது ரூபா இடிச்சுது. வித்தியாசம் ஒம்பதால வகுபட்டா எண்ணு எடம் மாறியிருக்கும்னு ஹெட் கிளார்க் சொல்லிட்டே இருந்தாரு. தேடினோம், தேடினோம். ராத்திரி எட்டு மணிக்குக் கெடைச்சுது. 54ங்கறத 45ன்னு போட்டிருக்கு. எழுத்து என்னுது. யாரும் திட்டல. டீ வாங்கிக் குடுத்தாங்க.’

நன்றி என்ற சொல்லே இல்லையே என்று அவருக்கு ஒரு குறை. டீயில் இருக்கிறது என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார். பிறகு தாளை நீட்டி, அடித்த இடங்களிலெல்லாம் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார்.