மீசையோடு வந்த ஆந்தை

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் மகன் இரவு 1 மணிக்குத்தான் தூங்குகிறான். காலை 5 மணிக்கு எழுப்பினால் சீறுகிறான். சோம்பேறித்தனம்தானே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லையம்மா, பருவம். மீசை அரும்பும்போது உடல் கடிகாரமும் பின்தங்கும். 20 வயதையொட்டித்தான் மெல்ல முன்னே திரும்பும். இப்படி ஆந்தையாக இருப்பதில் ஏறக்குறைய பாதி மரபணு. அது யார் வீட்டுச் சீதனம் என்று நீங்களும் அவன் அப்பாவும் பேசிக்கொள்ளுங்கள்!

அந்தக் கடிகாரத்தை வெளிச்சத்தால் கொஞ்சம் நகர்த்தலாம். விடுமுறையில் தானாக எட்டரைக்கு விழிக்கிறானா? எட்டேகாலுக்கு எழுப்பி, உடனே அரை மணி மொட்டைமாடி வெயிலில் நிற்கவையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கால் மணி முன்னே கொண்டுவாருங்கள். தூங்குவதற்கு ஒரு மணி முன்பே கைபேசியும் குழல்விளக்கும் அணையட்டும். ஞாயிறு மதியம் வரை தூங்கவிட்டால் பட்ட பாடு வீண். இப்படி ஒன்றிரண்டு மணி நேரம்தான் நகரும். ஆறரைக்கு எழுந்தால் போதும். 5 மணியை மறந்துவிடுங்கள்.