கையெழுத்து கேட்கும் நண்பர்

கேள்வி: தீபாவளி லீவு தகராறில் சக ஊழியர் ஒருவர், சூப்பர்வைசர் மேல் எழுதிய புகாரில் கையெழுத்து கேட்கிறார். நட்பு கெடாமல் மறுக்க முடியுமா?

பதில்: பாரதப் போரில் பலராமர் எந்தப் பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் அவ்வளவு நாள் லீவு கிடைக்காது; அதுவும் தகராறே லீவுக்காக என்னும்போது!

மறுப்பை இழுத்தடித்தால் அது சம்மதமாகக் கணக்கில் ஏறிவிடும். எனவே அன்றே, தனியாக அழைத்து, "பார்த்ததைக் கேட்டால் மறைக்க மாட்டேன், சூப்பர்வைசர் வேண்டுமென்றே லீவு மறுத்தார் என்று எழுத மட்டும் என்னால் முடியாது" என்று சொல்வதே முறை. கூடவே விண்ணப்பித்த தேதி, வந்த பதில் ஆகியவற்றை வரிசைப்படுத்த உதவினால் நட்பு நிற்கும். சூப்பர்வைசர் கேட்டாலும் இதே வாக்கியம்தான். ஆளுக்கொன்று சொன்னால், இரண்டும் கேன்டீனில் சந்தித்துக்கொள்ளும்.

பாலியல் தொல்லைப் புகார் என்றால் கதை வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாட்சிகளை வரவழைக்க உள்ளகப் புகார்க் குழுவுக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அங்கே தீர்த்த யாத்திரை செல்லாது.