லீவு கிடைத்த பீதி

யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடையொன்றிலே சில வருஷம் கணக்கெழுதி, லீவு என்ற வார்த்தையைக் கேட்டமாத்திரத்தில் முகஞ் சிவக்கும் முதலாளியொருவரால் நன்கு பதம்பண்ணப்பட்ட நண்பரொருவர், வேறொரு காரியாலயத்திற் சேர்ந்து மூன்று மாதங் கழிந்தபின், பெரியம்மாவின் அந்தியேட்டிக்குக் கீரிமலை போவதற்காக ஒருநாள் லீவு கேட்கத் துணிந்தார். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருஷத்துக்கு 7 நாள் சமயோசித லீவு உண்டென்பதும், முதல் வருஷத்திலே பூர்த்தியான இரண்டு மாதத்துக்கு ஒருநாள் வீதம் அது சேருமென்பதும், ஆகவே அந்த ஒருநாள் தமக்கு நியாயமாகவே உரித்தென்பதும் அவர் அறிந்தவையே. ஆயினும் சட்டம் வேறு, முதலாளியின் முகம் வேறு என்று பழைய கடையிற் படித்தவராகையால், பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலைக் கத்தரித்து, 'பெறாமக்கள்' வரிசையிலே தம் பெயரைச் சிவப்பு மையாற் கோடிட்டு, கிராம சேவையாளரின் கடிதத்தோடு கொண்டுபோய் நின்றார்.

முகாமையாளரோ அவற்றை ஏறெடுத்தும் பாராமல், "ஓம் தம்பி, போட்டு வாங்கோ" என்றார்.

நண்பருக்கு உதறலெடுத்துவிட்டது. அங்கே முன்னாலே கிடைத்த ஏச்சு இங்கே பின்னாலே வரும்போலும் என்று ஊகித்து, கீரிமலையிலே கிரியை நடக்கும் வேளையிலும் கைத்தொலைபேசியை மடியிலேயே வைத்திருந்தார், அது ஒலிக்கவில்லை. மாத முடிவிலே சம்பளச் சீட்டைப் பலதரம் கூட்டிப்பார்த்து, ஒரு சதமும் வெட்டுப்படாததையும், சேமலாப நிதிக்குத் தமது 8 வீதமும் காரியாலயத்தின் 12 வீதமும் குறைவின்றி இருப்பதையுங் கண்டு, என் காதருகே குனிந்து சொன்னார்: "இவங்கள் பெரிசா ஏதோ செய்யப்போறாங்கள்."