தராசுக்காரரின் வருமானம்

மட்டக்களப்பு வாவியோரத்து நண்டு முதலாளியை அடையாளம் காண்பதற்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. விடியும் முன்னே தோணிகள் கரை தட்டும் இடத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தராசோடு நிற்பவர் அவர்தான். பக்கத்தில் நாலைந்து ரெஜிபோம் பெட்டி, ஒரு பட்டா வாகனம், தூக்கம் கலையாத இரண்டு பொடியன்மார், சேட்டுப் பையில் மூலை சுருண்ட ஒரு கொப்பி. அம்பிளாந்துறை நண்டும் வவுணதீவு இறாலும் கொழும்புக்குப் போகும் வழியில் அவர் கைக்குள் ஒருதரம் புகுந்தே போகும். அவருடைய வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லுமுன் கேட்பது யார் என்று பார்ப்பார். அஸ்வெசும விண்ணப்பத்தோடு வந்த பிள்ளைக்கு, “என்ன வருமானம் மகள், ஐஸ் வாங்கவே காணாது” என்பார். பெண் கேட்டு வந்த சம்பந்தி வீட்டாருக்கு விடை வாயால் வராது. புதிதாக வார்த்த மேல்மாடித் தட்டைக் காட்டுவதோடு சரி. வங்கி முகாமையாளர் முன்னால் இருத்தினால் மட்டும் நிமிர்ந்து, “மாசம் இருபத்திநாலு லட்சம் சேர்” என்பார். மூன்று பேருக்கு மூன்று வருமானம் சொல்பவரைப் பொய்யர் என்று முடிவுகட்டுவது இலகு. எனக்கு அதில் சம்மதமில்லை. பொய் சொல்பவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். முதலாளிக்குத் தன் வருமானம் தெரியாது. ஆகவே எந்த இலக்கமும் அவருக்குப் பொருந்தும்.

இருபத்திநாலு லட்சம் என்பது பொய்யல்ல. மாதம் அவ்வளவு காசு அவர் கையால் போய்வருகிறது. படிவங்களில் இதற்குப் ‘புரள்வு’ என்று பெயர். அருமையான சொல், காசு அவர் மடியில் புரண்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். முதலாளி புரண்டதை எல்லாம் வருமானம் என்கிறார். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். 24 லட்சத்துக்கு விற்றால், அதில் 20 லட்சத்து 40 ஆயிரம் தோணிக்காரருக்குக் கொடுத்த கொள்விலை. மிச்சம் 3 லட்சத்து 60 ஆயிரம். அதிலே ஐஸுக்கு 60 ஆயிரம், வாகனத்துக்கும் டீசலுக்கும் 90 ஆயிரம், இரண்டு பொடியன்மாரின் கூலி 90 ஆயிரம், வழியில் செத்துப் பழுதாகிய நண்டுக்கு 24 ஆயிரம். கடைசியில் கையில் நிற்பது 96 ஆயிரம். நூறு ரூபாய் புரண்டால் நாலு ரூபாய் ஒட்டுகிறது. இந்த 96 ஆயிரம் அவர் கொப்பியில் எங்கேயும் எழுதப்படவில்லை. கொப்பியில் இருப்பது யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யார் எவ்வளவு தர இருக்கிறது என்பது மட்டும். வீட்டுச் செலவும் பிள்ளையின் ரியூசன் காசும் அதே பையிலிருந்து போவதால், இலாபம் என்று ஒன்று தனியாக நின்று அவர் கண்ணுக்குத் தென்பட்டதே இல்லை.

இனி அவருக்கு ஒரு கூலர் லொறி வேண்டும். கடன் 30 லட்சம். ஐந்து வருடம், வருட வட்டி 14 வீதம் என்று வைத்தால் மாதத் தவணை 69 ஆயிரத்து 800 ரூபாய் வரும். முகாமையாளர் அந்த 69 ஆயிரத்தை இருபத்திநாலு லட்சத்தோடு ஒப்பிடுவார் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவர் ஒப்பிடுவதோ 96 ஆயிரத்தோடு. வருமானத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது என்று ஒரு வங்கி வைத்திருக்கிறது என்போம். அளவு வங்கிக்கு வங்கி மாறும். அப்படிப் பார்த்தால் இவருக்குத் தாங்கக்கூடிய தவணை 38 ஆயிரத்து 400, அதற்குக் கிடைக்கும் கடன் ஏறத்தாழ பதினாறரை லட்சம். கேட்டதில் பாதிக்குச் சற்றுக் கூட. முதலாளியின் காதுக்கு இது அவமதிப்பாகக் கேட்கும். “என்ட கணக்கில ஓடுற காசப் பாருங்க சேர்” என்பார்.

ஓடும் காசைக் காட்டத்தான் அவர் மாதக்கணக்காகப் பாடுபட்டிருக்கிறார். ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து கணக்கு திடீரென்று உயிர் பெறுகிறது. அதுவரை மின்சாரக் கட்டணம் கட்டவும் மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பும் காசை எடுக்கவும் மட்டும் இருந்த கணக்கு அது. இப்போது காலையில் இரண்டு லட்சம் வைப்பு, மத்தியானம் இரண்டு லட்சம் மீளப்பெறல். மறுநாள் அதே இரண்டு லட்சம், சிலவேளை அதே நோட்டுகள், மீன் வாசத்தோடு. வாவி வாயால் கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும் போல. எத்தனை தரம் ஏறினாலும் வாவியின் மட்டம் அதேதான். இதைக் கண்டுபிடிக்க முகாமையாளருக்கு மந்திரம் தேவையில்லை. தொகைகள் எல்லாம் முழு இலட்சத்தில் முடிகின்றன. நண்டு விற்ற காசு ஒருநாளும் அப்படி முடியாது, அதற்கு வால் இருக்கும். வைத்த அன்றே எடுத்தாயிற்று. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மீதி மூவாயிரம், நாலாயிரம். கடைசி மூன்று மாதத்துக்கு முந்திய பக்கங்கள் பாலைவனம். இவ்வளவுக்கும் மேலே, கொழும்பு வியாபாரியின் பெயர் எந்த வரியிலும் இல்லை. ரொக்கம் வைத்தவர் பெயர் எல்லா வரியிலும் முதலாளியின் பெயரே. தானே தனக்குச் சாட்சி சொல்லும் மூன்று மாதம். கடன் தகவல் பணியகத்து அறிக்கை வந்ததும் இன்னொரு சங்கதியும் வெளிவரும்: மனைவியின் பெயரில் எடுத்த லீசிங் கடனுக்கு இவர் பிணையாளி. இவருக்கு மறந்திருக்கும், 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அந்தப் பணியகத்துக்கு மறதி கிடையாது.

அடுத்தது வரி விபரத்திரட்டு. இந்தச் சொற்சித்திரத்தின் உச்சம் இங்கேதான். வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை ஊரில் ‘ரின் நம்பர்’ என்பார்கள். பச்சை மீன் விற்பவருக்கு ரின் மீனோடு என்ன உறவு என்ற பாவனையில் அவர் அதை இத்தனை காலம் தள்ளிவைத்திருந்தார். முகாமையாளர் மூன்று வருட விபரத்திரட்டுக் கேட்டதும் ஒரு கணக்காளரைப் பிடித்து மூன்றையும் ஒரே கிழமையில் சமர்ப்பிக்கிறார். சமர்ப்பித்த திகதி தாளிலே இருக்கும் என்பது அவருக்குப் படவில்லை. போதாததற்கு, கணக்காளரிடம் “தம்பி, வரி வராத மாதிரிப் போடுங்க” என்று சொல்லி வருட வருமானம் ஐந்து லட்சம் என்று போட்டாயிற்று. வங்கிப் படிவத்திலோ மாதம் இருபத்திநாலு லட்சம். இரண்டு தாளும் ஒரே கோப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எதையும் பிரித்து அறியாத ஒருவர் பார்த்தால், இவருக்கு ஒரு மாத வருமானம் ஐந்து வருட வருமானத்துக்கும் சற்றுக் குறைவு என்று கொள்வார்.

எனக்கு இதில் சிரிப்பை விட ஆச்சரியம்தான் கூட. அவர் ஒளிக்கத் தேவையே இல்லாததை ஒளிக்கிறார். 2025 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டாண்டிலிருந்து தனிநபர் நிவாரணம் வருடம் 18 லட்சம். நாம் போட்ட கணக்கில் அவருடைய வருட வருமானம் 11 லட்சத்து 52 ஆயிரம். அப்படியே உள்ளபடி எழுதியிருந்தாலும் வருமான வரி ஒரு சதமும் இல்லை. ஐந்து லட்சம் என்று எழுதி அவர் மிச்சம் பிடித்த வரி பூச்சியம். இழந்தது தன் சொந்த வருமானத்தில் பாதிக்கு மேற்பட்டதற்கான ஒரே அரச சாட்சி. சரி, இவரை விடப் பெரிய ஒரு முதலாளியை எடுப்போம். அந்த 30 லட்சக் கடனை உண்மையிலேயே தாங்கக்கூடியவர். அவருக்கு மாதம் 1 லட்சத்து 74 ஆயிரத்து 500 வேண்டும், வருடம் 20 லட்சத்து 94 ஆயிரம். நிவாரணம் போக 2 லட்சத்து 94 ஆயிரம் மிஞ்சும். முதல் பத்து லட்சத்துக்கு வரி 6 வீதம் என்பதால் கட்டவேண்டியது 17 ஆயிரத்து 640 ரூபாய். வருடத்துக்கு. நமது முதலாளி ஒன்பது நாளில் அவ்வளவு காசை ஐஸாக உருக விடுகிறார், அதற்கு ஒருநாளும் நெஞ்சு படபடத்ததில்லை.

இதற்கு முதலாளியின் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய நியாயம் உண்டு. விடிய நாலரைக்குத் தோணிக்காரர் கையில் காசு வேண்டும். அவருக்குப் பேங்க் ட்ரான்ஸ்பர் செய்கிறேன் என்றால் நண்டு அடுத்த தராசுக்குப் போய்விடும். காசால் நடக்கும் தொழிலுக்கு வங்கித் தாளில் சாட்சி கேட்பது நீதியா? அதிலும், பாடசாலை ரீச்சர் ஒரு சம்பளச் சீட்டை நீட்டினால் கதிரையில் இருத்திக் கதைப்பார்கள், பத்துப் பேருக்குப் பிழைப்புக் கொடுப்பவர் வரிசையில் நிற்க வேண்டுமா? முதல் கேள்விக்குப் பாதி விடை உண்டு. வாங்குவது காசால் நடக்கட்டும். விற்பது காசால் நடக்கத் தேவையில்லை. கொழும்பு வியாபாரி தரும் பணத்தை அந்த வியாபாரியின் பெயரிலேயே கணக்குக்கு வரச் செய்தால், அந்த ஒரு வரி நூறு ரொக்க வைப்புக்குச் சமம். ஐஸ் கம்பனி பில் இன்னொரு சாட்சி. ஐஸ் வாங்கிய அளவைப் பார்த்தால் எவ்வளவு நண்டு போனது என்று அனுபவமுள்ள அதிகாரி மதிப்பிடுவார். இரண்டாவது கேள்வியில் உள்ள மனத்தாங்கலை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் சம்பளச் சீட்டின் பலம் ரீச்சரின் நேர்மையில் இல்லை. அதை ரீச்சர் எழுதவில்லை என்பதில் இருக்கிறது. முதலாளி கொண்டுவரும் தாள்களில் அவர் எழுதாதது எத்தனை என்பதுதான் கேள்வி. கிராம சேவகரின் வருமானச் சான்றும் இங்கே அதிகம் உதவாது. அவரும் முதலாளி சொன்னதைத்தானே எழுதினார்.

பருவம் என்ற சிக்கலும் கிடக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடகீழ்ப் பருவ மழையில் வாவி பெருகும்போது பிடிபாடும் விலையும் தலைகீழாகும். முதலாளி நல்ல மாதங்களின் ஸ்டேட்மென்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். விவரமான முகாமையாளர் பன்னிரண்டு மாதம் கேட்டு வகுத்துப் பார்க்கிறார். தவணை மழைக்காலத்திலும் வரும் அல்லவா.

எல்லாவற்றிலும் விசித்திரம், இந்த மனிதர் தானே ஒரு வங்கி. வலை வாங்க, எஞ்சின் திருத்த என்று தோணிக்காரருக்கு முற்பணம் கொடுக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கழித்து எடுக்கிறார். எத்தனையோ லட்சம் இப்படி வாவிக்கரை முழுக்கக் கிடக்கிறது, எந்தத் தாளிலும் இல்லை. ஐம்பதாயிரம் கேட்டு வரும் தோணிக்காரர், “பிடிபாடு பரவாயில்ல முதலாளி, நாளைக்குப் பத்துக் கிலோ வரும்” என்று பறைந்தால் இவர் காதில் ஏறாது. ஆறு மாதமாக அந்தத் தோணி எத்தனை நாள் இறங்கியது, சராசரி எத்தனை கிலோ கொண்டுவந்தது, மழையில் என்ன செய்தது, அடுத்த முதலாளியிடம் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தன் தராசாலும் கரைப் பேச்சாலும் இவருக்கு மனப்பாடம். முந்தின நாள் பக்கத்துத் தோணியில் இரவல் வாங்கிய நண்டைக் கொட்டி நிறுவைக்கு வைத்தால் கண்டும் பிடிப்பார். எல்லாம் கணக்குப் பார்த்து, “ஐம்பது ஏலாது, முப்பது தாறன்” என்பார். தோணிக்காரர் முகம் சுருங்கினால் தோளில் தட்டி, “வாயால சொல்லாத மகன், தராசில வை” என்பார். பிறகு எட்டரை மணிக்குக் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாதம் இருபத்திநாலு லட்சம் என்று சொல்ல வங்கிக்குக் கிளம்புவார்.