கோப்பை சிறியது, குறிப்பு பெரியது

மரக்காணம் உப்பளப் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டுக்கொருவர் இப்படிக் கிடைத்துவிடுவார். வினாடி வினா அணித் தலைவி, பதினொன்றாம் வகுப்பு. வென்ற படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதித் தரச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதி வருவார். அதில் கோப்பைக்கு ஒரு வரிதான்: "பித்தளை போலத் தெரிந்தாலும் பிளாஸ்டிக், மூடி கழலும், பார்த்துத் தூக்கவும்."

மீதியெல்லாம் கூட்டாளிகள். "இடமிருந்து முதலாமவர்: சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் எது என்று கேட்டபோது, நான் மாமல்லபுரம் என்று வாயெடுத்தேன். இவர் காலை மிதித்தார். ஆய்வாளர் பலர் அது நம் மரக்காணமே என்கிறார்கள் என்று சொன்னதும் இவரே."

"இரண்டாமவர்: அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். கடல்நீர் எந்த அடர்த்தியில் உப்பாக உறையும் என்ற கேள்விக்கு, போமே மானியில் ஏறத்தாழ 25 பாகை என்றார். அத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும், 30 பாகையை நெருங்கியும் மிச்ச நீரை வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும் என்று விளக்கிக்கொண்டே போனார். நடுவர் 'போதும்மா, மதிப்பெண் போட்டாச்சு' என்றார்."

"படத்தில் இல்லாதவர்: மாற்று ஆட்டக்காரர். பழைய கேள்விகளை நோட்டில் எழுதித் தந்தவர். படம் எடுத்ததும் அவரே என்பதால் படத்தில் விழவில்லை."

'எல்லாம் எங்கள் அணியின் கூட்டு முயற்சி' என்று ஒரே வரியில் தன்னடக்கம் காட்டுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த வரியில் யார் பெயருக்கும் வேலை இல்லை; படத்தில் கோப்பை மட்டும் அவர்கள் கையில்தான் இருக்கும். இந்தப் பெண்ணோ யார் எந்தக் கேள்வியில் காப்பாற்றினார் என்று கணக்கு வைத்திருக்கிறார்.

தமிழாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது படக்குறிப்பா, பாயிரமா?"

"யாரை விடறது சார்?"

"சரி, உன்னைப் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

வாங்கிப்போய்ச் சேர்த்துக்கொண்டு வந்தார்: "வலது ஓரம்: பஸ்ஸர் சுற்றில் அவசரப்பட்டு அழுத்தி 5 மதிப்பெண் இழந்தவர்."

ஆசிரியர் சிவப்பு மையை எடுத்து எல்லாவற்றையும் அடித்தார். ஆண்டு மலரில் வந்தது இதுதான்: "வினாடி வினாவில் முதலிடம் பெற்ற நம் மாணவியர்." படம் எடுத்தவன் மாணவன் என்று தலைவி அதற்கும் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தார், மலர் அச்சுக்குப் போய்விட்டிருந்தது.

ஆனாலும் விடவில்லை. அறிவிப்புப் பலகையில் படத்துக்குக் கீழே தன் இரண்டு பக்கத்தையும் ஒட்டினார். கீழே இடம் போதாமல் தாள் மேலேறி, வலது ஓரத்தில் நின்றவரின் முகத்தை மறைத்துவிட்டது.

"உன் மூஞ்சியே தெரியலியேம்மா," என்றார் ஆசிரியர்.

"பரவால்ல சார், ஜிப்சம் வரி தெரியுதுல்ல?"